ஏர் ஃபிரையரில் உணவு ஏன் வறண்டுபோகிறது? அறிகுறி வாரியாகக் காரணமும் தீர்வும்

ஏர் ஃபிரையரில் சமைத்த உணவு வறண்டுவிட்டால் பெரும்பாலானோர் அடுத்த முறை எண்ணெயைக் கூட்டிப் பார்க்கிறார்கள். சில உணவுகளில் அது பலன் தருகிறது; சிலவற்றில் மேலே எண்ணெய்ப் பிசுக்கும் உள்ளே அதே வறட்சியும்தான் மிஞ்சுகின்றன. ஏனெனில் இந்தக் கருவியில் வறட்சி இரண்டு இடங்களில், இரண்டு வெவ்வேறு காரணங்களால் ஏற்படுகிறது. மேற்பரப்பு மாவாகவோ தோலாகவோ காய்ந்து கிடந்தால் அங்கே எண்ணெய் போதவில்லை என்று பொருள். உட்பகுதி நாராகவோ சக்கையாகவோ ஆகியிருந்தால் அங்கிருந்த நீர் வெளியேறிவிட்டது என்று பொருள். மேலே தடவும் எண்ணெய் உள்ளே இறங்கி அந்த நீரின் இடத்தை நிரப்புவதில்லை. ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன், வறண்டுபோன துண்டை அதன் தடித்த இடத்தில் வெட்டி, ஓரத்தையும் நடுவையும் தனித்தனியாகச் சுவைத்துப் பார்க்க வேண்டும். வறட்சி எங்கே இருக்கிறது என்பது தெரிந்தால் கீழே உள்ளவற்றில் எந்தப் பகுதி தமக்குப் பொருந்தும் என்பதும் தெரிந்துவிடும்.

கருவி வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்; பின்னால் வரும் ஒவ்வொரு தீர்வும் இதிலிருந்தே பிறக்கிறது. ஒரு சிறிய அறை, அதன் மேற்புறத்தில் வெப்பச்சுருள், சூடான காற்றை வேகமாகச் சுழற்றும் விசிறி, காற்று கீழிருந்தும் புகும்படி துளையிட்ட கூடை ஆகியவையே ஏர் ஃபிரையர். உணவின் மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை, காற்று எவ்வளவு சூடாக இருந்தாலும், அந்தப் பரப்பு ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. வரும் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும். ஈரம் தீர்ந்த பிறகுதான் பரப்பு 140 டிகிரியைக் கடந்து பொன்னிறமாகி மொறுமொறுப்பாகிறது. எண்ணெயில் முக்கிப் பொரிக்கும்போது இது மிக விரைவாக நடக்கிறது, ஏனெனில் காய்ந்த எண்ணெய் காற்றைவிடப் பலமடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். காற்றில் அது மெதுவாகத்தான் நடக்கும். மேற்புறம் மொறுமொறுப்பாகக் காத்திருக்கும் நேரமெல்லாம் உட்புறமும் நீரை இழந்துகொண்டே இருக்கும். மேற்பரப்பை விரைவாகச் சிவக்கவைப்பதும், உட்பகுதி வெந்த கணத்தில் உணவை வெளியே எடுப்பதும்தான் ஏர் ஃபிரையர் சமையலின் முழு நுட்பம்.

அறிகுறி: கோழி நெஞ்சுக்கறி நாராகப் பிரிகிறது, மெல்ல மெல்லத் தொண்டையில் அடைக்கிறது

இதுவே மிக அதிகமாகக் கேட்கப்படும் குறை. இதற்கும் எண்ணெய்க்கும் ஏறத்தாழ எந்தத் தொடர்பும் இல்லை. நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவு. நீண்டநேரம் வெந்தால் கரைந்து வழுவழுப்பைத் தரக்கூடிய இணைப்புத்திசுவும் குறைவு. இறைச்சியின் புரதங்கள் சூடேறும்போது சுருங்கி, தமக்குள் பிடித்துவைத்திருந்த நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. 65 டிகிரிக்கு மேல் இந்தச் சுருக்கம் வேகமெடுக்கிறது, 80 டிகிரியை நெருங்கும்போது நெஞ்சுக்கறி சக்கையாகிவிடுகிறது. கோழிக்கறி பாதுகாப்பாக உண்ணத்தக்கதாக அதன் நடுப்பகுதி 74 டிகிரியை எட்ட வேண்டும். எனவே பாதுகாப்புக்கும் வறட்சிக்கும் இடையே நமக்குக் கிடைக்கும் இடைவெளி ஆறேழு டிகிரிதான். அந்த இடைவெளியை நேரத்தை மட்டும் பார்த்துப் பிடிக்க முடியாது, கம்பி முனையுள்ள உணவு வெப்பமானி வேண்டும். கூடுதல் தட்டு, அச்சு, சிலிக்கோன் உறை என ஏர் ஃபிரையருக்காக விற்கப்படும் துணைப் பொருட்கள் எல்லாவற்றையும்விட இந்த ஒரு வெப்பமானியே பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து.

ஒரு துண்டை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். எலும்பும் தோலும் நீக்கிய நெஞ்சுக்கறி ஒன்று, எடை 250 கிராம். அதன் ஒரு முனை மூன்றரை சென்டிமீட்டர் தடிமன், மறுமுனை ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. இதை அப்படியே கூடையில் வைத்து 200 டிகிரியில் இருபது நிமிடம் விட்டால், தடித்த முனை வேக வேண்டிய நேரம் முழுவதும் மெல்லிய முனையும் அந்தக் காற்றில் கிடக்கும். தடித்த முனை 74 டிகிரியைத் தொடும்போது மெல்லிய முனை 90 டிகிரியைத் தாண்டியிருக்கும். பிறகு, வெந்துவிட்டதா என்ற ஐயத்தில் இன்னும் மூன்று நிமிடம் கூட்டும்போது தடித்த முனையும் கெடுகிறது.

முதல் திருத்தம் தடிமனில் தொடங்க வேண்டும். கத்தியைக் கிடையாகப் பிடித்து, தடித்த பகுதியைப் பக்கவாட்டில் அறுத்து இரண்டு மெல்லிய துண்டுகளாக்கலாம். அல்லது பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் வைத்து, பூரிக்கட்டையால் தடித்த முனையை மட்டும் தட்டி, முழுத்துண்டையும் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் சீரான தடிமனுக்குக் கொண்டுவரலாம். எவ்வளவு நேர்த்தியாகத் தட்டுகிறோம் என்பது முக்கியமல்ல, எல்லா இடமும் ஒரே நேரத்தில் வேக வேண்டும் என்பதே முக்கியம்.

இரண்டாவது உப்பு. இறைச்சியின் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு, அதாவது 250 கிராமுக்கு இரண்டரை கிராம், சமமாக வழித்த அரைத் தேக்கரண்டி அளவு தூளுப்பை எல்லாப் பக்கமும் தடவி, குளிர்சாதனப் பெட்டியில் குறைந்தது ஒரு மணிநேரமும், முடிந்தால் ஓர் இரவும் வைக்க வேண்டும். முதலில் உப்பு நீரை வெளியே இழுக்கும், மேற்பரப்பு ஈரமாகத் தெரியும். சிறிது நேரத்தில் அந்த உப்புநீர் மீண்டும் உள்ளே ஊறிவிடும். உப்பு ஏறிய புரதங்கள் சூட்டில் குறைவாகவே சுருங்குகின்றன, எனவே சற்றுக் கூடுதலாக வெந்தாலும் நீர் தங்குகிறது. பத்துப் பதினைந்து நிமிடம் மட்டும் உப்பிட்டு உடனே சமைப்பது இருப்பதிலேயே மோசமான தேர்வு, ஏனெனில் நீர் வெளியே வந்து இன்னும் திரும்பிச் செல்லாத நேரம் அது.

மூன்றாவதாக, மேற்பரப்பைக் காகிதத் துண்டால் ஒற்றி ஈரம் போக்கி, ஒரு தேக்கரண்டி எண்ணெயை இருபுறமும் தேய்க்க வேண்டும். இந்த எண்ணெய் நிறத்துக்காக. உட்புறத்தின் மென்மைக்காக அல்ல. கருவியை 190 டிகிரியில் மூன்று நிமிடம் சூடாக்கிய பின் இறைச்சியை வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் திருப்பி, ஒன்பதாவது நிமிடத்தில் வெப்பமானியைப் பக்கவாட்டிலிருந்து நடுப்பகுதி வரை செருகிப் பார்க்க வேண்டும். மேலிருந்து குத்தினால் முனை எளிதில் மறுபுறம் சென்று தவறான அளவைக் காட்டும். 71 அல்லது 72 டிகிரி காட்டியதும் வெளியே எடுத்து, ஒரு தட்டில் ஐந்து நிமிடம் தொடாமல் விட வேண்டும். வெளிப்பரப்பில் தேங்கிய சூடு உள்ளே நகர்ந்து நடுப்பகுதியை மேலும் இரண்டு மூன்று டிகிரி உயர்த்தும். 74 டிகிரியை எட்டியதா என்பதை மறுபடி அளந்து உறுதிசெய்ய வேண்டும். எட்டவில்லையெனில் கூடையில் வைத்து ஒரு நிமிடம் சூடாக்கினால் போதும்.

எடையைப் பார்த்தும் இதைச் சரிபார்க்கலாம். 250 கிராமாக உள்ளே போன துண்டு 190 கிராம் அளவில் வெளியே வந்தால் அது இயல்பான இழப்பு. 165 கிராமுக்குக் கீழே இறங்கியிருந்தால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது என்று பொருள். எந்தச் சாற்றை ஊற்றியும் அதை மீட்க முடியாது. சமையலறைத் தராசு உள்ளவர்கள் இரண்டு முறை அளந்து பார்த்தால் தங்கள் கருவியின் போக்கு பிடிபட்டுவிடும். கருவியின் முகப்பில் நாம் வைக்கும் எண்ணும் அறைக்குள் உண்மையில் இருக்கும் சூடும் பல நேரங்களில் ஒன்றாக இருப்பதில்லை என்பதால், பிறர் தரும் நேரக்கணக்கை முழுதாக நம்பக்கூடாது.

இதே வறட்சியை அஞ்சுபவர்களுக்கு எளிய மாற்று தொடைக்கறி. அதில் கொழுப்பும் இணைப்புத்திசுவும் கூடுதல். 80 முதல் 85 டிகிரி வரை சென்றால்தான் அது உண்மையில் மென்மையாகும். நெஞ்சுக்கறியைக் கெடுக்கும் அதே பத்து டிகிரி தொடைக்கறியைச் சுவையாக்குகிறது. தோலோடு இருந்தால் எண்ணெயே வேண்டாம், தோலின் கொழுப்பு உருகி அதன் வேலையைச் செய்துவிடும். மீனில் நிலைமை நேர்மாறானது. 63 டிகிரியில் அது வெந்துவிடும். ஒரு விரற்கடைத் தடிமனுள்ள துண்டு ஏழெட்டு நிமிடத்தில் முடிந்துவிடும். கொழுப்புள்ள மீன் இந்தக் காற்றைத் தாங்கும், கொழுப்பற்ற வெள்ளை மீன் மேலே ரொட்டித்தூள் போன்ற ஏதேனும் காப்பு இல்லாமல் தாங்காது.

அறிகுறி: மேலே பூசிய மாவு வெள்ளையாக நிற்கிறது, கடித்தால் தூளாக உதிர்கிறது

எண்ணெய் போதாமையின் தெளிவான அடையாளம் இது. எண்ணெயில் முக்கும்போது மாவின் ஒவ்வொரு துகளும் எண்ணெயில் நனைகிறது. ஏர் ஃபிரையரில் காற்று மட்டுமே வந்து மோதுகிறது. நனையாத மாவு வேகவும் வேகாது, சிவக்கவும் சிவக்காது. காய்ந்து தூளாகவே நிற்கும். இந்தக் குறைக்கு நேரத்தைக் கூட்டினால் மாவு அப்படியே வெள்ளையாக இருக்க, உள்ளே இருப்பது மட்டும் வறண்டுபோகும்.

மேலே இருந்து எண்ணெயைத் தெளிப்பதைவிட, பூச்சுக்குள்ளேயே எண்ணெயைக் கலப்பது நன்றாக வேலை செய்கிறது. ஒரு கோப்பை ரொட்டித்தூளுக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, விரல்களால் நன்கு பிசறினால், ஈரமணல் போல லேசாக ஒட்டிக்கொள்ளும் பதம் வரும். விருப்பமெனில் அதை வாணலியில் இளம் பொன்னிறம் வரை முன்னதாகவே வறுத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் நிறம் முன்பே கிடைத்துவிடுகிறது, கருவிக்கு மிஞ்சுவது உட்பகுதியை வேகவைக்கும் வேலை மட்டுமே; நேரம் குறைகிறது, வறட்சியும் குறைகிறது. பூசும் வரிசை வழக்கமானதுதான்: முதலில் மெல்லிய மாவு, உபரியைத் தட்டிவிட்டு, அடித்த முட்டை, பிறகு ரொட்டித்தூள். பூசிய துண்டுகளைப் பத்து நிமிடம் அப்படியே வைத்தால் மாவு ஈரத்தை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும். பாதிச் சமையலில் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் அந்த இடங்களில் மட்டும் எண்ணெயைத் தொட்டுவைக்கலாம்.

எண்ணெயின் அளவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது பொருத்தம். வெட்டிய காய்கறியோ உருளைக்கிழங்கோ அரைக் கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி, போதுமானது. ஒரு துண்டு இறைச்சிக்கு ஒரு தேக்கரண்டி. தோலுள்ள கோழிக்கும் கொழுப்புள்ள இறைச்சிக்கும் எதுவும் வேண்டாம். கடையில் உறைந்த நிலையில் வாங்கும் உருளைக்கிழங்குத் துண்டுகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே எண்ணெயில் பாதி பொரிக்கப்பட்டவை, அவற்றுக்கும் வேண்டாம். எண்ணெயே இல்லாமல் சமைக்கலாம் என்ற விளம்பரத்தை நம்பி வெட்டிய காய்கறியை வெறுமனே கூடையில் போடுபவர்கள், தாம் பெறுவது பொரியலின் சாயலுள்ள உணவல்ல, வற்றல் என்பதை உணர வேண்டும். மறுபுறம், மேற்சொன்ன அளவைத் தாண்டும் எண்ணெய் உணவில் நிற்காது. துளைகள் வழியே கீழ்த்தட்டில் வடிந்து புகையத்தான் செய்யும்.

எண்ணெயைக் கூடையில் ஊற்றாமல், ஒரு கிண்ணத்தில் உணவோடு கலந்து கையால் புரட்டுவதே சரியான முறை. அழுத்த வாயு அடைத்த டப்பாக்களில் வரும் ஸ்பிரே எண்ணெய்களைத் தவிர்ப்பது நல்லது. அவற்றில் சேர்க்கப்படும் லெசித்தின் போன்ற பொருட்கள் கூடையின் ஒட்டாத பூச்சின் மீது பிசினாகப் படிந்து, நாளடைவில் அதைக் கெடுக்கின்றன. கையால் அழுத்தித் தெளிக்கும் சாதாரணப் புட்டியில் நாமே எண்ணெய் நிரப்பிக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை.

அறிகுறி: உருளைக்கிழங்கில் சில துண்டுகள் தோல்போல் காய்ந்திருக்கின்றன, சில துண்டுகள் நொளுநொளுவென்று இருக்கின்றன

ஒரே கூடையில் வறட்சியும் ஈரமும் சேர்ந்து வருவதைப் பார்க்கும் பலர் கருவியே பழுது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். உண்மையில் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: கூடையில் அளவுக்கு மீறிப் போட்டிருக்கிறார்கள். குவிந்து கிடக்கும் துண்டுகளுக்கு நடுவே காற்று புகாது. அங்கே வெளியேறும் நீராவி போக வழியின்றித் தேங்கி, அந்தத் துண்டுகளை அவித்துவிடுகிறது. மேலே இருப்பவையோ வெப்பச்சுருளுக்கு நேர்கீழே காய்கின்றன. நடுவில் உள்ளவை இன்னும் மொறுமொறுப்பாகவில்லையே என்று நேரத்தைக் கூட்டக் கூட்ட, மேலே உள்ளவை உள்ளீடு வற்றிக் கூடாகிவிடுகின்றன.

நான்கு அல்லது ஐந்து லிட்டர் கொள்ளளவுள்ள கூடைக்கு அரைக் கிலோ உருளைக்கிழங்கே உயர்ந்த அளவு. அதற்கு மேல் வேண்டுமெனில் இரண்டு தவணையாகச் சமைத்து, கடைசி இரண்டு நிமிடம் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுச் சூடாக்கிக்கொள்வது நல்லது. இவ்வாறு செய்தால் முதல் தவணை ஆறிப்போகாது. துண்டுகள் ஒரு சென்டிமீட்டர் தடிமனில் சீராக இருக்க வேண்டும். அதைவிட மெல்லியதாக நறுக்கினால் எண்ணெயில் அருமையாக வரும் துண்டு, இங்கே சிவப்பதற்குள் உள்ளே மாவுச்சதையே இல்லாமல் வற்றிவிடும். தடிமனில் ஒன்று மற்றொன்றின் பாதியாக இருந்தாலும் பாதிக் கூடை காய்ந்துபோவது உறுதி.

நறுக்கிய துண்டுகளைக் குளிர்ந்த நீரில் அரைமணிநேரம் ஊறவைத்து, நீர் கலங்காமல் வரும்வரை அலச வேண்டும். மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் மாவுச்சத்தும் சர்க்கரையும் இதில் நீங்குகின்றன. அவை இருந்தால் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், உள்ளே வேகும் முன்பே வெளியே கருகும். அலசிய பின் துணியில் பரப்பி நன்கு ஒற்ற வேண்டும். இந்தப் படியை அவசரமாக முடிப்பவர்கள், உணவு வேகப் போக வேண்டிய நேரத்தை அந்த நீருக்குக் கொடுத்துவிடுகிறார்கள்: பரப்பில் நிற்கும் நீர் ஆவியாக ஆகும் நான்கைந்து நிமிடமும் சமையல் நேரத்தில் சேர்ந்துவிடும்.

பிறகு ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் புரட்டி, முதலில் 160 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வைக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் நிறத்தை எதிர்பார்க்கக்கூடாது. ஒரு துண்டை அழுத்தினால் நசுங்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்து 200 டிகிரிக்கு உயர்த்தி ஆறு முதல் எட்டு நிமிடம், இரண்டு முறை குலுக்கிவிட்டு முடிக்க வேண்டும். தொடக்கம் முதலே 200 டிகிரியில் வைத்தால், ஓரங்கள் தோலாகித் தடித்தபின்னும் நடுப்பகுதி வேகாமல் நிற்கும். அதை வேகவைக்கக் காத்திருக்கும்போதுதான் வறட்சி தொடங்குகிறது. வெளிர் பொன்னிறத்தில் நிறுத்திவிடுவது நல்லது; பழுப்பு நிறம் கூடக்கூட அக்ரிலமைடு என்னும் விரும்பத்தகாத சேர்மமும் கூடுகிறது. உப்பை வெளியே எடுத்த பிறகுதான் தூவ வேண்டும். முன்னரே தூவினால் அது நீரை இழுத்து மேற்பரப்பை மறுபடி ஈரமாக்கும்.

அறிகுறி: வெளியே கருகிவிட்டது, உள்ளே வேகவில்லை

சூடு அதிகம், துண்டு பெரிது, இந்த இரண்டில் ஒன்று. சாதாரண ஓவன் அடுப்புக்கு எழுதப்பட்ட சமையல் குறிப்பைப் பின்பற்றுபவர்கள் சூட்டை 10 முதல் 20 டிகிரி வரை குறைத்து, சொல்லப்பட்ட நேரத்தில் முக்கால் பங்கு ஆனதும் திறந்து பார்க்கத் தொடங்க வேண்டும். தேன், சர்க்கரை, தக்காளிச் சாறு கலந்த மசாலாப் பூச்சுகள் மிக விரைவில் கருகும், அவற்றைக் கடைசி மூன்று நான்கு நிமிடத்தில் தடவினால் போதும். கருவியைத் திறந்து பார்ப்பதால் உணவு கெடும் என்ற தயக்கம் தேவையில்லை. சிறிய அறை என்பதால் இழந்த சூட்டை அது விரைவாக மீட்டுக்கொள்ளும்.

அறிகுறி: காய்கறி சுருங்கி நுனி கருகிவிட்டது, தண்டு இன்னும் கடினமாக இருக்கிறது

ப்ரோக்கோலியில் இதைத் தெளிவாகக் காணலாம். பூவின் நுண்ணிய மொட்டுகள் காற்றை நேராக வாங்கி மூன்று நான்கு நிமிடத்தில் காய்ந்து கருக, தண்டு அப்போதுதான் சூடேறத் தொடங்கியிருக்கும். எண்ணெயில் புரட்டிய பின் இரண்டு மேசைக்கரண்டி நீரைத் தெளித்துவிடுவதே எளிய தீர்வு. அந்த நீர் ஆவியாகும்வரை மொட்டுகள் கருகாது, அந்த ஆவியில் தண்டும் ஓரளவு வெந்துவிடும். உணவை உலர்த்தச் சொல்லிவந்த நானே இங்கே நீர் தெளிக்கச் சொல்வது முரணாகத் தோன்றலாம். மொறுமொறுப்பு வேண்டிய இடத்தில் ஈரம் தடை, மென்மை வேண்டிய இடத்தில் அது காப்பு. எந்தக் காயிடம் எதை எதிர்பார்க்கிறோம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். கேரட், பீட்ரூட் போன்ற கடினமான கிழங்குகளைப் பாதி வேகவைத்த பிறகு கூடையில் போட்டால் அவையும் வற்றாது.

காலிஃபிளவர், குடைமிளகாய், பூசணி, பீன்ஸ் ஆகியவை இந்தக் கருவிக்கு நன்றாகப் பொருந்துகின்றன. கத்தரிக்காய் எண்ணெயைக் கடற்பாசியாக உறிஞ்சும் காய் என்பதால் ஒரு மேசைக்கரண்டியில் அது தோலாகிவிடும். அதைத் தடித்த வட்டங்களாக நறுக்கி, உப்பிட்டு, அரைமணிநேரம் கழித்து ஒற்றியெடுத்து, இருபுறமும் எண்ணெயைத் தடவினால்தான் உள்ளே குழைந்து வரும். காளானின் பெரும்பகுதி நீரே என்பதால் அது பாதியாகச் சுருங்குவது குறையல்ல, இயல்பு. கீரைகளை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். எடையற்ற இலைகளை விசிறி தூக்கி வெப்பச்சுருளில் ஒட்டவைக்கும், அங்கே அவை கருகிப் புகையும். அடியில் விரிக்கும் பேக்கிங் தாளுக்கும் இது பொருந்தும்: உணவின் எடை இல்லாமல் அந்தத் தாளைக் கூடையில் போட்டுக் கருவியைச் சூடாக்கவே கூடாது.

அறிகுறி: கரைத்த மாவில் தோய்த்தது வடிந்துவிட்டது, உள்ளிருப்பது வெறுமையாகக் காய்ந்துவிட்டது

இதற்குத் தீர்வு இல்லை என்பதை நேராகச் சொல்லிவிட வேண்டும். காய்ந்த எண்ணெயில் விழுந்த நொடியிலேயே மாவுக்கரைசல் இறுகி ஓர் உறையாக நிற்கிறது. காற்றுக்கு அந்த வேகம் இல்லை. கரைசல் இறுகும் முன்பே துளைகள் வழியே ஒழுகிவிடுகிறது; மிச்சமிருப்பது மெல்லிய ஓடாகக் காய்கிறது. மாவைக் கெட்டியாக்கினால் ஒழுகாது, ஆனால் எண்ணெயில் வரும் அந்த நொய்மை வராது, ரொட்டி போன்ற தடித்த மேலோடுதான் வரும். கரைத்த மாவில் செய்யும் பதார்த்தங்களை எண்ணெய்ச் சட்டிக்கே விட்டுவிடுவதும், அதே பொருளை ரொட்டித்தூள் பூச்சுக்கு மாற்றிக்கொள்வதும்தான் நேர்மையான இரண்டு வழிகள். நீர் வேண்டிய சோறு, பருப்பு, குழம்பு வகைகளும் இந்தக் கருவிக்கு உரியவை அல்ல.

அறிகுறி: புதிதாகச் சமைக்கும்போது நன்றாக இருந்தது, மறுநாள் சூடாக்கினால் வறண்டுவிடுகிறது

ஒருமுறை வெந்த உணவு தன் நீரில் ஒரு பகுதியை ஏற்கெனவே இழந்திருக்கிறது. மீதமிருப்பதைக் காப்பாற்றுவதே இங்கே வேலை. மொறுமொறுப்பான மேல்பூச்சுள்ள உணவுகளை 160 முதல் 170 டிகிரியில் நான்கைந்து நிமிடம் சூடாக்கினால் பூச்சு மீள்கிறது. இவற்றுக்கு மீண்டும் எண்ணெய் வேண்டாம். பூச்சில்லாத இறைச்சித் துண்டு என்றால் ஒரு தேக்கரண்டி நீரோ, இருந்தால் அதன் சாறோ தெளித்து, அலுமினியத் தாளில் இறுக மடித்து, உணவின் மேல் தாள் பிரிந்து பறக்காதபடி வைத்து, 150 டிகிரியில் ஏழெட்டு நிமிடம் விட வேண்டும். நடுப்பகுதி ஆவி பறக்கச் சூடாகிவிட்டதா என்பதை வெட்டிப் பார்த்து, அதற்கு மேல் ஒரு நிமிடமும் வைக்கக்கூடாது. நெஞ்சுக்கறி மிஞ்சினால் அதை முழுத்துண்டாகவே எடுத்துவைத்து, சூடாக்கிய பிறகு நறுக்குவது நல்லது. நறுக்கிய ஒவ்வொரு முகமும் காற்று நீரை இழுக்க இன்னொரு வாசலாகிவிடுகிறது.